ஐந்து வரி விடையை ஒன்பது கட்டமாக்குவது: திரைப்பதிவுக்கு ஒரு ஸ்டோரிபோர்டு

நோட்டில் ஐந்து வரியில் முடிந்துவிட்ட ஒரு கணக்கை, இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும் திரைப்பதிவாக எடுக்க வேண்டும். பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் காகிதத்தில் செய்ய வேண்டிய வேலையை, அதாவது திரையில் வரவேண்டியதைக் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டை மட்டும் இங்கே பார்க்கலாம். எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இருபடிச் சமன்பாடு. வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்த்த விடை இது:

```
x² + 6x = 40
x² + 6x + 9 = 40 + 9
(x + 3)² = 49
x + 3 = ±7
x = 4,  x = -10
```

இதை நான் முதல் தடவை பதிவு செய்தபோது ஸ்டோரிபோர்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியாக எழுதி, எழுதியதையே வாயால் படித்தேன். பார்த்த பையன் கேட்ட ஒரே கேள்வி: "அந்த 9 எங்கிருந்து வந்தது?" விடையில் தப்பில்லை. விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு அந்த வரிசையே போதும். முதல்முறை பார்க்கிறவருக்கோ வரிகளைவிட வரிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் இடைவெளிகளை எழுதுங்கள்

விடையை வரிக்கு வரி இடம் விட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லித்தருவதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் என்ன கேட்பார் என்று எழுதுங்கள். இந்தக் கணக்கில் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் மட்டும் மூன்று கேள்விகள் வந்தன. நேரடியாக வர்க்கமூலம் எடுத்தால் என்ன? ஏன் 9? வலப்பக்கமும் ஏன் கூட்ட வேண்டும்? மூன்றாவது வரிக்கு அப்புறம் ஒரு கேள்வி: ± எதற்கு? கடைசி இடைவெளியில் ஒன்றுமே இல்லை, 3ஐக் கழிப்பது யாருக்கும் புரியும்.

ஆக, நேரம் எங்கே போக வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. வரிக்கு ஒரு கட்டம் என்று பிரித்தால் எளிதான வரிக்கும் கடினமான வரிக்கும் ஒரே நேரம் கிடைக்கும். கேள்விக்கு ஒரு கட்டம் என்று பிரியுங்கள். ஒரு கேள்வி பெரிதாக இருந்தால் அதற்கு இரண்டு மூன்று கட்டம்கூடக் கொடுக்கலாம்.

கட்டம் வரைவது

ஒரு தாளில் 6.4 செ.மீ. அகலம், 3.6 செ.மீ. உயரம் உள்ள செவ்வகங்கள் வரையுங்கள். இது 16:9 விகிதம். நிமிர்த்திப் பிடித்த போனில் வீடியோ தெரியும் அளவும் ஏறக்குறைய இதுதான். உங்கள் சாதாரணக் கையெழுத்தில் அந்தச் செவ்வகத்துக்குள் அடங்காதது போன் திரையிலும் படிக்க முடியாது. இந்தக் கணக்கின் ஐந்து வரியையும் ஒரே செவ்வகத்தில் எழுதிப் பாருங்கள், உடனே புரியும். ஒரு கட்டத்தில் மூன்று வரிக்கு மேல் நான் வைப்பதில்லை. கீழ் ஓரத்தில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விடுங்கள். வீடியோவை நிறுத்தினால் பிளேயரின் பட்டை அங்கேதான் வந்து உட்காரும். கடினமான இடத்தில்தானே ஆள் நிறுத்திப் பார்ப்பார்.

செவ்வகத்துக்குப் பக்கத்தில் மூன்று குறிப்புகள்: என்ன அசைகிறது, என்ன பேசுகிறோம், எத்தனை நொடி.

ஒன்பது கட்டங்கள்

முதல் கட்டத்தில் சமன்பாடு மட்டும், 8 நொடி. இரண்டாவதில் இடப்பக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம்: "இது முழு வர்க்கமாக இருந்தால் மூலம் எடுத்துவிடலாம். இன்னும் ஆகவில்லை." 10 நொடி.

"ஏன் 9" என்பதற்குச் சொல்லைவிடப் படம் நல்லது. மூன்றாவது கட்டத்தில் x பக்கமுள்ள சதுரம், அதை ஒட்டி 6 அகலமும் x உயரமும் உள்ள செவ்வகம், 12 நொடி. நான்காவதில் அந்தச் செவ்வகம் 3, 3 என்று இரண்டு துண்டாகிறது. ஒரு துண்டு சதுரத்தின் வலப்பக்கத்திலேயே இருக்க, இன்னொன்று கீழே போய் ஒட்டிக்கொள்கிறது. 15 நொடி. ஐந்தாவது கட்டத்துக்கான குறிப்பை முழுதாகத் தருகிறேன்:

திரை: அதே படம், வலது கீழ் மூலை மட்டும் காலி.
அசைவு: காலி மூலையின் ஓரங்கள் நிறம் மாறுகின்றன. 3 நொடி எதுவும் அசையவில்லை. பிறகு 9 தோன்றுகிறது.
பேச்சு: "பெரிய சதுரமாக ஒரு மூலைதான் குறைகிறது. அதன் பரப்பு எவ்வளவு?" (மௌனம்) "மூன்று மூன்று ஒன்பது."
நேரம்: 15 நொடி.

அந்த மூன்று நொடி மௌனத்தை எழுதியே வையுங்கள். எழுதாவிட்டால் பதிவின்போது நாமே அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுவோம்.

ஆறாவதில் படம் இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கம் சமன்பாட்டின் இரு புறமும் 9 சேருகிறது, 12 நொடி. ஏழாவதில் (x + 3)² = 49, 8 நொடி. எட்டாவதில் ±, 20 நொடி. ஒன்பதாவதில் சரிபார்ப்பு: 16 + 24 = 40, அப்புறம் 100 − 60 = 40; 15 நொடி. மொத்தம் 115 நொடி.

படம் பொய் சொல்லும் இடங்கள்

எட்டாவது கட்டத்துக்கு ஏன் 20 நொடி? சதுரத்தின் பக்கம் −10 ஆக முடியாது. அதனால் படத்தை வைத்துக்கொண்டு பேசினால் 4 என்ற விடை மட்டுமே வரும். நான் இந்தக் கட்டத்தில் படத்தைத் திரையிலிருந்து நீக்கிவிடுகிறேன்: "படம் 9 எது என்று காட்டியது, அதோடு அதன் வேலை முடிந்தது. வர்க்கம் 49 ஆகும் எண்கள் இரண்டு, 7, −7." படத்தை விட்டுவைத்தால் பார்க்கிறவர் இரண்டாவது விடையை நம்பமாட்டார்.

இன்னொன்று அளவு. சரியான விகிதத்தில் வரைய x-க்கு 4 கட்டம், துண்டுக்கு 3 கட்டம் என்று வரைபடத்தாளில் போடுவது வசதி. ஆனால் அந்தச் சிறு கட்டங்கள் பதிவில் தெரிந்தால், கூர்மையான ஆள் எண்ணிப் பார்த்து x = 4 என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். கோடுகளை மறைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நொடிகளைச் சரிபார்ப்பது

நொடிக் கணக்கை மனதில் போடாதீர்கள். ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பேச்சை வாய்விட்டுப் படித்துக்கொண்டே கர்சரை நகர்த்திப் பாருங்கள். பேச்சு முடிந்த பிறகும் கை வரைந்துகொண்டே இருந்தால், அந்தப் படத்தை முன்பே வரைந்து வைத்துக்கொண்டு திரையில் தோன்ற மட்டும் செய்யுங்கள். எனக்கு நான்காவது கட்டத்தில் இப்படித்தான் ஆனது; கையால் வரைந்தால் 40 நொடி பிடித்தது. கை சீக்கிரம் முடிந்து பேச்சு நீண்டுகொண்டே போனால், ஒரே கட்டத்தில் இரண்டு கேள்விகள் மாட்டிக்கொண்டிருக்கும். பிரித்துவிடுங்கள்.

கடைசியாக, பேச்சுக் குறிப்பைத் தாளால் மூடிவிட்டு, செவ்வகங்களை மட்டும் இன்னொருவரிடம் காட்டுங்கள். "இங்கே என்ன மாறியது?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள். அவர் எதைச் சொல்வது என்று தயங்கினால், அங்கே ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறுகிறது. என் ஆறாவது கட்டத்தில் படம் ஒதுங்குவதும் 9 சேருவதும் ஒன்றாக நடந்தன. இப்போது படம் முதலில் ஒதுங்குகிறது, ஒரு நொடி கழித்துத்தான் 9 வருகிறது.