95-95-95 கணக்கில் எதை எதனால் வகுப்பது?

யாழ்ப்பாணத்தில் சமுதாய மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் எச்.ஐ.வி. திட்ட மதிப்பீட்டுக் கேள்வி ஒன்றைக் கொடுத்தால், 95-95-95 என்ற இலக்கைப் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். 2025ஆம் ஆண்டுக்கென உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு அது என்பதும் தெரியும். கணக்கில் இறங்கியதும்தான் தடுமாற்றம். அநேகமாக எல்லாப் பிழைகளும் பகுதியெண்ணில்தான் வருகின்றன.

மூன்று 95க்கும் பகுதியெண் வேறு வேறு. தொற்றுடன் வாழ்பவர்களில் 95 வீதமானோருக்குத் தம் நிலை தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்தவர்களில் 95 வீதமானோர் சிகிச்சை பெற வேண்டும். சிகிச்சை பெறுவோரில் 95 வீதமானோருக்கு வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். ஆகவே மூன்று இலக்கையும் முழுதாக எட்டினாலும், தொற்றுள்ள 100 பேரில் வைரஸ் அடங்கியிருப்பவர்கள் ஏறக்குறைய 86 பேர்தான். “இலக்கை எட்டிவிட்டோம், 95 வீதமானோருக்கு வைரஸ் அடங்கிவிட்டது” என்று எழுதினால் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

கணக்குக்காக ஒரு மாவட்டத்தைக் கற்பனை செய்வோம். எண்கள் யாழ்ப்பாணத்தினுடையவை அல்ல. தொற்றுடன் வாழ்பவர்கள் 200 பேர் என்பது மதிப்பீடு. தொற்று கண்டறியப்பட்டவர்களின் பதிவேட்டில் 170 பெயர்கள். சிகிச்சையில் 132 பேர். இந்த வருடம் வைரஸ் சுமை பார்க்கப்பட்டவர்கள் 110 பேர். அவர்களில் ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் 1000 பிரதிகளுக்குக் குறைவாக, அதாவது வைரஸ் அடங்கி, இருப்பவர்கள் 104 பேர்.

முதல் படியிலேயே வழுக்கும். 170ஐ 200ஆல் வகுத்து 85 வீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பதிவேடு என்பது தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டு வந்த பட்டியல். அதில் 12 பேர் இறந்துவிட்டார்கள், 8 பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள் என்று வைப்போம். இன்று இங்கே வாழ்பவர்கள் 150 பேர், எனவே சரியான விடை 75 வீதம். இந்தப் பிழை அடுத்த படியையும் கெடுக்கும்: 132ஐ 170ஆல் வகுத்தால் 78 வீதம், 150ஆல் வகுத்தால் 88 வீதம். பரிசோதனைக் குறை மறைந்து, இல்லாத அளவுக்குச் சிகிச்சைக் குறை முளைக்கிறது. திட்டக்காரர்கள் பணத்தைப் பிழையான இடத்தில் போடுவது இப்படித்தான்.

இன்னொன்று நம் ஊருக்கு நன்றாகவே பொருந்தும். தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஒருவர் கொழும்புக்குப் போய் மருந்து எடுக்கலாம். அவர் இங்கே “கண்டறியப்பட்டவர்” என்றும் அங்கே “சிகிச்சையில் இருப்பவர்” என்றும் எண்ணப்பட்டால், நம் மாவட்டத்தின் இரண்டாம் படி காரணமில்லாமல் தாழும், அங்குள்ளது உயரும். வதிவிடப்படி எண்ணுவதா, கிளினிக்படி எண்ணுவதா என்று முதலே முடிவெடுத்து, மூன்று படிக்கும் அதையே பிடிக்க வேண்டும்.

பரிசோதனைகளின் எண்ணிக்கையையும் முதல் படியோடு குழப்பக்கூடாது. ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான கர்ப்பவதிகளைப் பரிசோதித்தாலும், புதிதாகத் தொற்றுள்ள ஒருவரைக் கண்டறியாதவரை அந்த 75 அசையாது. அந்தப் பரிசோதனை வேறொரு தேவைக்கானது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக இலங்கை 2019இல் சான்று பெற்றது அதன் பலன். ஆனால் அது வேறு குறிகாட்டி.

மூன்றாம் படிதான் என் மனதை அதிகம் உறுத்துவது. 104ஐ 110ஆல் வகுத்தால் 94.5 வீதம், இலக்கைத் தொட்ட மாதிரியே இருக்கும். ஆனால் சிகிச்சையில் இருப்பவர்கள் 132 பேர். 132ஆல் வகுத்தால் 79 வீதம். நடுவில் நிற்கும் 22 பேருக்கு வைரஸ் சுமையே பார்க்கவில்லை. அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிளினிக்குக்கு ஒழுங்காக வராதவர்கள்தான் இரத்தம் கொடுக்காமலும் தப்பிப் போவது. அதற்காக 22 பேருக்கும் வைரஸ் அடங்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. எல்லோருக்கும் அடங்கியிருந்தால் 126 பேர், 95 வீதம். ஒருவருக்கும் அடங்காவிட்டால் 79 வீதம். நேர்மையான விடை இந்த இரண்டையும் எழுதி, 22 பேர் என்ற எண்ணையும் பக்கத்தில் போடும்.

“எங்கே தலையிடுவீர்கள்?” என்று கேள்வி தொடர்ந்தால், வீதத்தை விட்டு ஆட்களை எண்ணுங்கள். 200 பேரில் வைரஸ் அடங்கியதாகத் தெரிவது 104 பேர், 52 வீதம். மீதி 96 பேர். அவர்களில் 50 பேர் தம் நிலையையே அறியாதவர்கள், 18 பேர் அறிந்தும் மருந்து எடுக்காதவர்கள், 22 பேர் பரிசோதிக்கப்படாதவர்கள், 6 பேர் மருந்து எடுத்தும் வைரஸ் அடங்காதவர்கள். இந்த 6 பேருக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பதற்கான ஆலோசனை, பிறகு மீண்டும் ஒரு வைரஸ் சுமைப் பரிசோதனை, அப்போதும் அடங்காவிட்டால் மருந்தை மாற்றுவது பற்றிய முடிவு. 22 பேருக்குத் தேவை அதுவல்ல, இரத்த மாதிரி எடுப்பதும் அனுப்புவதும் முடிவைத் திருப்பிச் சொல்வதும் எங்கே தடைப்படுகிறது என்று பார்ப்பது. இரண்டையும் ஒரே “28 பேர்” என்று எழுதினால் பரிந்துரையும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, அந்த 200 என்பதே ஒரு மதிப்பீடுதான். அதன் வீச்சு 160 முதல் 260 வரை என்றால், முதல் படி 94 வீதமாகவும் இருக்கலாம், 58 ஆகவும் இருக்கலாம். மாவட்ட அளவில் இந்த வீச்சு பெரிதாகவே இருக்கும். ஆகவே போன வருடம் 73, இந்த வருடம் 75 என்பதை வைத்து “திட்டம் வெற்றி” என்று எழுத இடமில்லை. இரண்டாம், மூன்றாம் படிகளில் இருப்பவர்களையோ பெயர் பெயராக எண்ணிப் பார்க்கலாம், அங்கே வரும் மாற்றத்தை இதைவிட நம்பலாம்.