பீமுக்கு எத்தனை ரிங்? ஓரத்தில் நெருக்கம், நடுவில் அகலம் இருக்கும்போது எண்ணும் முறை

மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் முதல் தளப் பீமுக்கு ரிங் கணக்கு எழுதிக் கொடுத்தபோது, நான் எழுதியது 36. கம்பி கட்டும் மேஸ்திரி தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, 32 போதும். நீங்கள் ஒரே ரிங்கை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள்" என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பீமையே எடுத்துக்கொண்டு படிப்படியாக எண்ணிப் பார்ப்போம். பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை, புத்தகத்தில் ஸ்டிரப் என்று இருப்பதைத்தான், இங்கே ரிங் என்று எழுதுகிறேன்.

வரைபடத்தில் இருந்தவை இவை. பீம் 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரம். தூண்களின் மையத்துக்கு மையம் 4500 மி.மீ.; தூண் ஒவ்வொன்றும் பீமின் நீளவாக்கில் 300 மி.மீ. ரிங் 8 மி.மீ. கம்பி. இரு ஓரங்களிலும் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு வரை 100 மி.மீ. இடைவெளி, நடுவில் 200 மி.மீ. இடைவெளி.

ஓரத்தில் ஏன் நெருக்கம் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கணக்கில் எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்பது விளங்கும். பீமின் மேல் பரவலாக விழும் பாரம் முழுவதும் தூண்களை நோக்கித்தான் போகிறது. அதனால் பீமை வெட்டப் பார்க்கும் விசை தூணின் அருகே உச்சத்தில் இருக்கும், நடுவே வர வரக் குறையும். அந்த விசை அதிகமானால் தூணின் பக்கத்தில் சாய்வாக விரிசல் விழும். விரிசலின் இரு கரைகளையும் சேர்த்துப் பிடிப்பது, அதன் குறுக்கே நிற்கும் ரிங்குகள்தான். ரிங் தள்ளித் தள்ளி இருந்தால், விரிசல் இரண்டு ரிங்குக்கு நடுவே ஒன்றிலும் படாமல் ஓடிவிடும்.

படி 1: எந்த நீளத்தை எடுப்பது?

மையத்துக்கு மையம் உள்ள 4500 அல்ல. பீமின் ரிங் தூணுக்குள் போவதில்லை. அங்கே தூணின் சொந்த ரிங் தொடர்கிறது. எனவே தூண் முகத்திலிருந்து தூண் முகம் வரை எடுக்க வேண்டும். இரு பக்கமும் பாதித் தூண், அதாவது 150 மி.மீ. கழித்தால் 4200 மி.மீ. அதில் நான்கில் ஒரு பங்கு 1050. ஆக ஓரம் 1050, நடு 2100, மறு ஓரம் 1050.

படி 2: ஓரத்தை எண்ணுவது

முதல் ரிங்கைத் தூண் முகத்திலிருந்து 50 மி.மீ. தள்ளிக் கட்டுவது வழக்கம். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியும் 50 மி.மீ.க்கு மேல் தள்ளிப் போகக் கூடாது என்கிறது. ஆகவே எண்ண வேண்டிய நீளம் 1050 அல்ல, 1000.

```
(1050 - 50) / 100 = 10 இடைவெளி
10 + 1 = 11 ரிங்
```

ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம்? ஒரு கையை விரித்துப் பாருங்கள். விரல் ஐந்து, விரல்களுக்கு நடுவே இடைவெளி நான்கு. இரு முனையிலும் ரிங் நிற்கும் நீளத்தில் ரிங் எப்போதும் இடைவெளியைவிட ஒன்று அதிகம். இங்கே முதல் ரிங் 50இல், பதினொன்றாவது சரியாக 1050இல் நிற்கிறது. மறு ஓரமும் இப்படியே, இன்னொரு 11.

ஓரம் இவ்வளவு சீராக வகுபடாவிட்டால்? ஓரம் 1000 என்று வைத்துக்கொண்டால் 950ஐ 100ஆல் வகுக்க 9.5 வரும். அதை 10 இடைவெளி என்று மேலே கூட்டிக்கொள்ளுங்கள். கடைசி ரிங் 1050இல் போய் நிற்கும். நடுப்பகுதி அந்த ரிங்கிலிருந்து தொடங்கும்.

படி 3: நடுப்பகுதி, இங்கேதான் தவறு

நடுப்பகுதி 2100 மி.மீ. நீளம். ஆனால் அதன் இரு முனைகளிலும் நிற்கும் ரிங்குகள் ஓரக் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டன. ஆகவே இங்கே ஒன்றைக் கூட்டுவதில்லை, ஒன்றைக் கழிக்க வேண்டும்.

```
2100 / 200 = 10.5, அதாவது 11 இடைவெளி
11 - 1 = 10 ரிங்
மொத்தம் = 11 + 10 + 11 = 32
```

நான் செய்தது என்னவென்றால், மூன்று பகுதியையும் தனித்தனிப் பீம் போல நினைத்து, வகுத்து, மேலே கூட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்று சேர்த்தேன். மூன்று 12, மொத்தம் 36. ஒரு ரிங்குக்குச் சுமார் 1.3 மீட்டர் கம்பி போகும். நான்கு ரிங் என்றால் ஐந்து மீட்டருக்கு மேல், எடையில் ஏறக்குறைய 2 கிலோ. இதே போல 20 பீம் இருந்தால் 40 கிலோ கம்பி வீணாக வளைக்கப்படும்.

10.5ஐ 10 என்று கீழே குறைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் இடைவெளி 210 ஆகிவிடும். வரைபடத்தில் உள்ள 200 தாண்டக் கூடாத அளவு. 11 இடைவெளியைச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 190 மி.மீ. சொச்சம் வரும். மேஸ்திரிகள் அப்படிப் பிரிப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து 200, 200 என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போய், மிஞ்சும் 100ஐக் கடைசி இடைவெளியாக விட்டுவிடுவார்கள். அதிலும் ரிங் பத்துதான். இரண்டும் சரி.

படி 4: திருப்பிப் பார்ப்பது

நீளங்களைக் கூட்டிப் பாருங்கள்: 50 + 1000 + 2100 + 1000 + 50 = 4200. இடைவெளிகள் 10 + 11 + 10 = 31; அதைவிட ஒன்று அதிகம், 32. இரண்டும் பொருந்தினால் கணக்கு தேறிவிட்டது.

படி 5: தளத்தில் சரிபார்ப்பது

32 ரிங் இருக்கிறது என்று மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள். அதே 32 ரிங்கை ஒரே சீராகப் பரப்பினால் இடைவெளி 132 மி.மீ. வரும். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். தூணின் அருகே வேண்டிய நெருக்கம் மட்டும் இருக்காது. கம்பிக்கூடு பார்க்க அழகாகவும் சீராகவும் இருப்பதால் கண் ஏமாந்துவிடும். அதனால் டேப்பைத் தூண் முகத்தில் வைத்து 1050 வரை இழுத்து, அதற்குள் 11 ரிங் இருக்கிறதா என்று இரு பக்கமும் தனித்தனியாக எண்ண வேண்டும். பிறகு நடுவில் ஏதாவது மூன்று இடைவெளியை அளந்தால் போதும்.

இதைக் கான்கிரீட் ஊற்றும் நாள் காலையில் இன்னொரு முறை செய்யுங்கள். கட்டுக் கம்பி எல்லா மூலையிலும் முறுக்கப்படாத ரிங், ஆட்கள் மேலே ஏறி நடக்கும்போது நகர்ந்துவிடும். ரிங்கைக் கையால் பிடித்து நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள்; அசைந்தால் மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

ஒரே வரிசையில் மூன்று நான்கு தூண்கள் தாண்டி ஓடும் பீம் என்றால், முழு நீளத்தையும் ஒன்றாக எடுக்காமல், இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியையும் மேலே சொன்னபடி தனியாக எண்ணிக் கடைசியில் கூட்டுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் இரு பக்கமும் நெருக்கம் வரும். நடுவில் வேறொரு பீம் வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துக்கென்று கூடுதல் ரிங் வரைபடத்தில் தனியாகக் குறித்திருப்பார்கள். அது இந்த 32க்குள் அடங்காது.