எஞ்சின் நின்றால் 'பான் பான்', படகு மூழ்கினால் 'மேடே'

நெடுந்தீவுக்கு அப்பால் எஞ்சின் நின்று படகு நீரோட்டத்தில் இழுபடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்றால், வி.எச்.எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் 'மேடே' சொல்லாதீர்கள். 'பான் பான்' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன கோளாறு, என்ன உதவி, எத்தனை பேர் என்று அதே வரிசையில் சொல்லி 'ஓவர்' என முடியுங்கள்.

'மேடே' என்பது உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து. அதைக் கேட்டால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தி உங்களுக்கு வழிவிட வேண்டும். 'பான் பான்' அவசரம்தான், ஆனால் ஆபத்து இன்னும் கைமீறவில்லை. இரைச்சலில் பாதிச் சொல் விழுங்கப்பட்டாலும், பழகிய சொல்லும் வரிசையும் என்றால் கேட்பவர் மீதியைப் பிடித்துக்கொள்வார்.

பதிவெண்ணில் வரும் ஜே, எஃப், என் என்ற எழுத்துகளை 'ஜூலியட், ஃபாக்ஸ்ட்ராட், நவம்பர்' என்று சொல்வதும் இதற்குத்தான். வெறுமனே சொன்னால் எஃப் எஸ் போலவும், என் எம் போலவும் கேட்கும். கரகரப்பில் அந்த மெல்லிய வேறுபாடுதான் முதலில் தொலைகிறது.

பலகை பிளந்து தண்ணீர் ஏறினாலோ, தீப்பிடித்தாலோ யோசிக்க வேண்டாம், நேரே 'மேடே'தான். 'பான் பான்' சொன்ன பிறகு நிலைமை மோசமானாலும் அப்படியே மாற்றலாம். கைபேசியில் அழைக்கும்போது இந்தச் சொற்கள் வேண்டாம், விஷயத்தை நேராகச் சொல்லுங்கள்.