கூட்டப் பதிவிலிருந்து மிச்சப் பாடங்களைப் பிரிக்க

திருகோணமலையில் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் கூட்டத்தைப் போனில் பதிவு செய்து சுருக்குவது என் வேலை. பேசிய ஒழுங்கிலேயே எழுதினால் குழப்பம்தான், ஏனென்றால் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பையும் கலந்து சொல்லிவிடுவார்.

“பத்துக்கு இருபடிச் சமன்பாடு முடிஞ்சுது, பி-க்கு பயிற்சி மட்டும் இருக்கு” என்றால் 10ஏ, 10பி என்று தனித்தனி வரி போட்டு, வகுப்பு, பாடம், ஆசிரியர், மிச்ச அலகு, பதிவில் அது வரும் நிமிடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பயிற்சி மிச்சமென்றால் அதுவும் மிச்சம்தான். 10பி-யை முடிந்த பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

“கிட்டத்தட்ட முடிஞ்சுது” (இது எல்லாக் கூட்டத்திலும் வரும்!) என்பதற்குக் கேள்விக்குறி போட்டு, அன்றைக்கே அவரிடம் எந்தப் பகுதி என்று கேளுங்கள். வராதவருக்காக வேறொருவர் சொன்னதற்கும் அதே கேள்விக்குறிதான்.