தேங்காய் எண்ணெய் பற்றித் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும் இருக்கும் வீட்டில், பரிசோதனைச் சீட்டில் கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்டிஎல், கூடுதல் என்று வந்தால் முதலில் போனைத்தான் எடுக்கிறார்கள். “தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது ஏன்” என்று தட்டுகிறார்கள். முதல் தவறே இதுதான். நல்லது என்று நாமே முடிவு செய்துவிட்டு, காரணத்தை மட்டும் கேட்கிறோம். தேடுபொறி அந்தச் சொற்கள் இருக்கும் பக்கங்களைத்தான் முன்னால் நிறுத்தும். “தேங்காய் எண்ணெய் விஷமா” என்று கேளுங்கள், பயமுறுத்தும் பக்கங்கள் வரிசை கட்டும். எண்ணெய் ஒன்றுதான், கேள்விதான் மாறியது.

சொல்லில் நல்லதும் கெட்டதும் வேண்டாம். எதை அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பது இருந்தால் போதும்: “தேங்காய் எண்ணெய் கடலை எண்ணெய் எல்டிஎல் ஒப்பீடு”. தமிழில் ஆய்வுப் பக்கங்கள் குறைவு என்பதால் `coconut oil LDL systematic review` என்றும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அப்படித் தேடினால் 2020-ல் ‘சர்குலேஷன்’ மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு கிடைக்கும். சூரியகாந்தி போன்ற, வெப்பமண்டல எண்ணெய்கள் அல்லாத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது. நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லும் சுமார் 4 கூடியது. எண்ணெய் விற்பவர் 4-ஐ மட்டும் சொல்வார், எதிர்ப்பவர் 10-ஐ மட்டும் சொல்வார். இரண்டும் பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

அடுத்தது, ஆய்வு என்ற சொல்லைப் பார்த்ததும் நம்பிவிடுவது. “எடை குறையும் என ஆய்வு சொல்கிறது” என்ற பக்கத்தில் ஆய்வின் பெயரைத் தொட்டுத் திறந்து பாருங்கள். பல நேரம் அது எம்சிடி என்று தனியாகப் பிரித்தெடுத்து விற்கும் எண்ணெயைப் பற்றியதாக இருக்கும். அதில் பெரும்பாலும் கேப்ரிலிக், கேப்ரிக் என்ற குட்டையான கொழுப்பு அமிலங்கள்தான். நம் செக்குத் தேங்காய் எண்ணெயில் பாதிக்கு நெருக்கமாக லாரிக் அமிலம் இருக்கிறது, அது உடலில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒன்றின் முடிவை இன்னொன்றின் பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தின் அடியில் “இப்போதே வாங்க” பொத்தான் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

எதோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் விடக்கூடாது. வெண்ணெயோடு வைத்துப் பார்த்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் நன்றாகவே தெரியும், சூரியகாந்தி எண்ணெயோடு வைத்தால் நிலைமை வேறு.

இன்னொன்று, இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சில வாரங்கள் ரத்தத்தை அளந்தவைதான், எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று எண்ணியவை அல்ல. அதனால் இதை வைத்துக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடாதீங்க. சீட்டில் இருக்கும் எண்ணோடு, வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்க.