நூல் பிடித்து நடைதூரம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆறு, ஆறரை கிலோமீட்டர்தான் வருதுண்ணா. நூல் வச்சே அளந்துட்டோம்."

போன ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டையிலிருந்து கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பாரிமுனையிலிருந்து ராயபுரம் வழியாகத் திருவொற்றியூர் தேரடி வரை நாற்பது பேரை நடத்திக் கூட்டிப்போகத் திட்டம். வரைபடத்தையும் நூலையும் மேசையில் விரித்தார்கள். வரைபடத்தில் போகும் வழியெல்லாம் நூலைப் படியவைத்து, பிறகு அதை நேராக்கி அளந்து தூரம் பார்க்கும் முறை. நூலை ஒழுங்காகத்தான் பிடித்திருந்தார்கள். கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் அந்தத் தாளின் அளவைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கியது. பல வருடங்களுக்கு முன் இதே சாலையில் நான் செய்த தவறு அப்படியே அங்கே இருந்தது.

ஸ்கேலைத் தலைகீழாகப் பிடிப்பது, செ.மீ.க்குப் பதிலாக அங்குலத்தைப் படிப்பது போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை, அவை தானாகத் தெரிந்துவிடும். தெரியாமலே போகும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கையில் கிடைத்த நூலை எடுப்பது

ஸ்வெட்டர் பின்னும் உல்லன் நூல் வேண்டாம். வளைவுகளில் அழகாகப் படியும், ஆனால் எடுத்து நேராக்கும்போது இழுபடும். காசிமேட்டுப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்று வலை பின்னும் நைலானை எடுத்து வருகிறவர்களும் உண்டு. அது விறைப்பானது, வளைத்த இடத்தில் நிற்காது. விரலை எடுத்ததும் துள்ளி நேராகிவிடும். பொட்டலம் கட்டும் பருத்தி நூல்தான் சரி. பூக்கட்டும் நூலும் பரவாயில்லை, இரட்டையாக முறுக்கிக்கொண்டால் போதும்.

எந்த நூலானாலும் முதலில் ஸ்கேலில் 30 செ.மீ. அளந்து இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். லேசாக இழுத்து மறுபடி அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் நீண்டால் அந்த நூலை ஒதுக்கிவிடுங்கள்.

நகலில் அச்சாகியிருக்கும் எண்ணை நம்புவது

இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

அந்த வருடம் எங்கள் தெருக்காரர்கள் ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்கு நடைப்பயணம் போக முடிவு செய்தார்கள். கல்மண்டபம், தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை வழி. முப்பது பேரில் பாதிக்கு மேல் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள். பல பேர் வெறுங்காலோடு நடப்பவர்கள். தூரம் கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. என்னிடம் 1 : 25,000 அளவில் ஒரு நகர வரைபடம் இருந்தது, ஏ3 தாளில். அதை எல்லோருக்கும் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று ஏ4 தாளில் நகல் எடுத்தேன். நூலை அந்த நகலின் மேல்தான் பிடித்தேன்.

நூல் 20 செ.மீ. வந்தது. 1 : 25,000 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 250 மீட்டர். 20 பெருக்கல் 250, ஆக 5 கி.மீ. வயதானவர்கள் மணிக்கு 3 கி.மீ. நடப்பார்கள் என்று வைத்து, ஒரு மணி நாற்பது நிமிடம் என்று சொன்னேன். காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டால் பதினொன்றே காலுக்குள் போய்விடலாம், நடை சாத்துவதற்குள் நிதானமாகத் தரிசனம் ஆகிவிடும் என்று எல்லோரிடமும் உறுதி கொடுத்தேன்.

பதினொன்றே காலுக்கு நாங்கள் காலடிப்பேட்டையைக்கூட எட்டவில்லை. தார் ரோடு கொதித்தது. இரண்டு பேர் கடை நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள், ஆட்டோ பிடித்து ஏற்றினோம். கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. நடை சாத்தியிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நகலையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் "1 : 25,000" என்றே அச்சாகியிருந்தது. ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் அளவுக்கோல் பட்டை, அதாவது 0, 1, 2 கி.மீ. என்று கோடு போட்ட பட்டை, அசலில் 8 செ.மீ. இருந்தது, நகலில் 5.7 செ.மீ.

ஏ3-ஐ ஏ4 ஆக்கும்போது தாளின் பரப்பு பாதியாகும், நீளம் பாதியாகாது. நீளம் 71 சதவீதமாகும். நகல் எடுக்கும் இயந்திரத்தில் 71% என்று ஒரு பொத்தானே இருப்பதற்குக் காரணம் அதுதான். சாலையும் அந்த அளவுக்குச் சுருங்கும், பட்டையும் சுருங்கும். "25,000" என்ற எழுத்தும் பார்வைக்குச் சிறிதாகும், ஆனால் அது சொல்லும் மதிப்பு மாறாது. என் நகலின் உண்மையான அளவு ஏறக்குறைய 1 : 35,000. அங்கே 1 செ.மீ. என்பது 250 மீட்டர் அல்ல, 350 மீட்டர். 20 செ.மீ. நூல் காட்டியது 7 கி.மீ. இரண்டு கிலோமீட்டரை நான் அந்தப் பாட்டிகளின் காலில் ஏற்றிவிட்டேன்.

பையன்கள் கொண்டு வந்ததும் இதே கதைதான். "ஏ4ல அடங்கலண்ணா, அதான் சின்னதா எடுத்தோம்" என்றான் ஒருவன். அவர்கள் நூலைப் பட்டையோடு ஒப்பிடச் சொன்னேன். 9 கி.மீ. வந்தது.

ஆகவே எண்ணை விட்டுவிடுங்கள், பட்டையைப் பிடியுங்கள். வழியெல்லாம் நூலைப் படியவைத்து, முடியும் இடத்தில் பேனாவால் குறித்து, நூலை எடுத்து நேராக அதே தாளில் உள்ள பட்டையின் மேல் வையுங்கள். பட்டை 2 கி.மீ. என்றால் அது நூலில் எத்தனை முறை அடங்குகிறது என்று இரண்டிரண்டாக எண்ணுங்கள், மிச்சத்தைப் பட்டையின் சிறு கோடுகளில் படியுங்கள். பெருக்கலே வேண்டாம். தாள் சுருங்கினாலும் விரிந்தாலும் பட்டையும் கூடவே மாறுவதால் விடை கெடாது. கணினியிலிருந்து அச்செடுப்பதற்கும் இதுவே பொருந்தும். `Fit` என்று இருந்தால் தாளுக்கு ஏற்ப அதுவாகச் சுருக்கிவிடும். போன் வரைபடத்தைப் படம் பிடிப்பதானால், மூலையில் உள்ள பட்டையும் சேர்ந்து விழும்படி பிடியுங்கள். பட்டை இல்லாத போன் படத்தில் அளப்பது கடினம்.

பட்டையிலும் ஒரு கண்ணி உண்டு. பல வரைபடங்களில் 0 இடது ஓரத்தில் இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு இடப்பக்கம் உள்ள துண்டு, ஒரு கிலோமீட்டரைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் காட்டுவதற்கானது. ஓரத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் அந்தத் துண்டின் நீளம் பிழையாக நுழைந்துவிடும். முழு கிலோமீட்டர்களை 0-விலிருந்து வலப்பக்கம் படிக்க வேண்டும், மிச்சத்தை மட்டும் இடப்பக்கம்.

பட்டை வெட்டுப்பட்டுப் போன நகலாக இருந்தால் ஒரு வழி உண்டு. இடது, வலது ஓரங்களில் அட்சரேகைக் குறிகள் இருக்கிறதா பாருங்கள். சென்னைப் பக்கம் வடக்கு தெற்காக 5 நிமிடம் என்பது ஏறக்குறைய 9.2 கி.மீ. அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே உங்கள் பட்டை. மேல் கீழ் ஓரங்களில் உள்ள தீர்க்கரேகைக் குறிகளை இதற்கு எடுக்காதீர்கள். அங்கே 5 நிமிடத்துக்குத் தூரம் சற்றுக் குறைவு, 9 கி.மீ. அளவுதான்.

வளைவில் நூலை இழுத்துப் பிடிப்பது

இழுத்தால் குறுக்கு வழி போய்விடும். தாளுக்கு அடியில் தெர்மாகோல் வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குண்டூசி குத்துங்கள்.

ரயில் பாதையை நூல் தாண்டுவது

வடசென்னைக்கென்றே உள்ள சிக்கல் இது. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ரயில் பாதை வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். தாளில் கருப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் நூல் சட்டென்று தாண்டிவிடும். தரையில் ஆள் அப்படித் தாண்ட முடியாது. கேட், சுரங்கப்பாதை, பாலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடக்கலாம், அதற்காகத் தெருவின் கடைசி வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். பாதையின் இந்தப் பக்கம் நின்று எதிர்ப்பக்கத்து டீக்கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க முடியும், போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும்.

நூலைத் தொடுவதற்கு முன்பே கடக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த இடம் இப்போது திறந்திருக்கிறதா என்று பக்கத்தில் குடியிருப்பவரைக் கேளுங்கள். பழைய வரைபடத்தில் கேட் என்று போட்டிருப்பார்கள், இன்று சுவர் எழுப்பியிருக்கலாம். நூல் ரயில் கோட்டைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியை மாற்றுங்கள்.

ஒரே தடவை அளப்பது

முடிவிலிருந்து தொடக்கத்துக்கும் ஒரு தடவை அளங்கள்.

சந்துகளையும் நூலால் அளப்பது

1 : 50,000 வரைபடத்தில் 1 மி.மீ. என்பது 50 மீட்டர். பொட்டலம் கட்டும் நூலின் பருமனே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். தங்கசாலைத் தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் பாதி அந்த அளவில் வரையப்பட்டே இருக்காது. வரைந்திருந்தாலும் சிறு நெளிவுகளை நேராக்கித்தான் போட்டிருப்பார்கள். அதனால் நூல் சொல்வதைக் குறைந்தபட்ச தூரம் என்று எடுத்துக்கொள்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலை போல ஓரளவு நேராக ஓடும் சாலையில் நூலும் தரையும் நெருங்கி வரும். ஜார்ஜ் டவுனுக்குள் வராது.

சந்துப் பகுதியை நான் முன்கூட்டியே நடந்து காலடி எண்ணிவிடுவேன். என் நடையில் ஒரு அடி 70 செ.மீ., 1,400 அடிக்குச் சற்று மேல் போனால் ஒரு கிலோமீட்டர். உங்கள் அடியை, நீளம் தெரிந்த ஒரு மைதானத்தில் அளந்துகொள்ளுங்கள்.

பையன்களும் அப்படித்தான் செய்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் பாரிமுனையிலிருந்து ராயபுரம் வரை தாங்கள் போக நினைத்த சந்துகள் வழியே எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நூல் காட்டியதைவிட அரை கிலோமீட்டர் கூடுதல். புறப்படும் நேரத்தை எட்டு மணியிலிருந்து ஐந்தரைக்கு மாற்றிவிட்டதாகவும், டோல்கேட்டில் ஒரு வேன் நிற்கச் சொல்லியிருப்பதாகவும் அவர்களில் ஒருவன் நேற்று இரவு போன் செய்து சொன்னான்.