நம்பிக்கையில்லாத் தீர்மானமும் மினிட்ஸும்: எங்கே தவறுகிறோம்?

சங்கத்தின் பொருளாளர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருகிறது. கூட்டம் சூடாக நடந்து முடிந்ததும் மினிட்ஸ் புத்தகத்தில் இப்படி எழுதிவிடுகிறார்கள்: "பொருளாளர் கணக்கு காட்டாமல் ஏமாற்றியதால் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அவர் சரியான பதில் சொல்லாமல் மழுப்பினார். பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேறியது." மூன்று வாக்கியத்திலும் தவறு இருக்கிறது.

ஏமாற்றினார் என்பது முன்மொழிந்தவரின் குற்றச்சாட்டு, சங்கம் விசாரித்துக் கண்ட முடிவு அல்ல. தீர்மானம் தோற்றாலும் அந்தச் சொல் புத்தகத்தில் நிலைத்துவிடும். "இரண்டு காலாண்டுகளின் கணக்கு சமர்ப்பிக்கப்படவில்லை என்று முன்மொழிந்தவர் கூறினார். வங்கி அறிக்கை வரத் தாமதமானதே காரணம் என்று பொருளாளர் பதிலளித்தார்" என்று எழுதினால் போதும். குற்றம் சாட்டியவர் "கூறினார்" என்றால் பதில் சொன்னவரும் "கூறினார்"தான். ஒருவர் "சுட்டிக்காட்டினார்", இன்னொருவர் "சமாளித்தார்" என்று எழுதினாலே எழுதுபவர் கட்சி சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். யார் கத்தினார், யார் வெளிநடப்பு செய்வதாக மிரட்டினார் என்பதெல்லாம் வேண்டாம். ஆனால் தீர்மானத்தின் வாசகத்தை மட்டும் வாக்கெடுப்புக்கு விட்டபடியே, ஒரு சொல்கூட மாற்றாமல் எழுத வேண்டும்.

அடுத்து வாக்கு எண்ணிக்கை. எனக்குத் தெரிந்து அதிகம் சண்டை வருவது இதில்தான். 41 பேர் வந்திருக்கிறார்கள், ஆதரவு 26, எதிர்ப்பு 11, நடுநிலை 4 என்று வையுங்கள். துணைவிதி "வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு" என்றும், நடுநிலை வகித்தவர்கள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள் என்றும் சொன்னால் 37க்கு 25 போதும், தீர்மானம் நிறைவேறுகிறது. அதே துணைவிதி "வந்திருப்போரில்" என்று சொன்னால் 41க்கு 28 வேண்டும், தோற்றுவிடுகிறது. ஒரே கூட்டம், ஒரே வாக்குகள்! அதனால் "பெரும்பான்மை ஆதரவு" என்று மொட்டையாக எழுதாமல் வந்தவர்கள், ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை, செல்லாதவை எல்லாவற்றையும் எண்ணோடு எழுதி, எந்த விதியின்படி எத்தனை வாக்கு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துவிடுங்கள். ரகசிய வாக்கெடுப்பு என்றால் எண்ணியவர்களின் பெயர் போதும், யார் எப்படி வாக்களித்தார் என்று எழுதக் கூடாது.

அப்புறம், நடைமுறை ஒழுங்காக நடந்ததும் குறிப்பில் தெரிய வேண்டும்: அறிவிப்பு எந்தத் தேதியில் போனது, அதில் இந்தத் தீர்மானம் குறிப்பிடப்பட்டிருந்ததா, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையான கோரம் இருந்ததா, பதில் சொல்லப் பொருளாளருக்கு எவ்வளவு நேரம் தரப்பட்டது. அவர் வராமல் எழுத்தில் பதில் அனுப்பியிருந்தால் அது வாசிக்கப்பட்டதா என்பதும் சேரும். தீர்மானம் தலைவர் மீதே என்றால் அந்தப் பகுதிக்கு வேறொருவர் தலைமை வகிப்பதுதான் நியாயம். செயலாளர் மீது என்றால் அவர் கையில் பேனா இருக்கக் கூடாது. மாறியது யார், எந்த இடத்தில் மாறினார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

முடிவை எழுதும்போதும் "குற்றம் நிரூபணமானது" என்ற சொல் வேண்டாம். வாக்கெடுப்பில் போனது நம்பிக்கை மட்டும்தான். "தீர்மானம் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார்" என்று எழுதி, பதவி எப்போதிலிருந்து காலி, கணக்குப் புத்தகங்களை யாரிடம், எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று முடித்துவிடுங்கள்.